வெர்னியர் அளவியைப் படத்தில் படிப்பது: ஒரு படம் போதாது, இரண்டு வேண்டும்

ஒரு தண்டை வெர்னியர் அளவியில் பிடித்து, கைப்பேசியில் படம் எடுத்து, "இதன் விட்டம் எவ்வளவு?" என்று கேட்டு அனுப்பும் பழக்கம் பட்டறைகளிலும் பள்ளி ஆய்வகங்களிலும் இப்போது சாதாரணம். படம் தெளிவாக இருந்தால் அளவி காட்டும் எண்ணைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த எண்தான் தண்டின் விட்டமா என்பதை அந்த ஒரு படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. தாடைகளுக்கு நடுவே ஒன்றுமே இல்லாதபோது அந்த அளவி என்ன காட்டுகிறது என்பது தெரிய வேண்டும். அதனால் எப்போதும் இரண்டு படங்கள் வேண்டும்: தாடைகள் மூடியிருக்கும் படம் ஒன்று, பொருளைப் பிடித்திருக்கும் படம் ஒன்று.

இந்தக் கட்டுரையில் அப்படி இரண்டு படங்களை எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்ப்போம். அளவி, பட்டறைகளிலும் ஐ.டி.ஐ.களிலும் புழங்கும் 150 மி.மீ. வகை. பொருள், ஒரு பித்தளைத் தண்டு.

கோடுகள் எப்படி வேலை செய்கின்றன

அளவியின் நீண்ட உடலில் பொறித்திருப்பது முதன்மைக்கோல். அதில் ஒவ்வொரு கோடும் 1 மி.மீ. அதன்மேல் நகரும் சிறிய பகுதியில் இருப்பது வெர்னியர்கோல். நகரும் தாடையோடு சேர்ந்து வெர்னியர்கோலும் நகரும். நம் அளவியின் வெர்னியர்கோலில் 50 பிரிவுகள் இருக்கின்றன. அந்த 50 பிரிவுகளும் சேர்ந்து 49 மி.மீ. நீளம். ஆக ஒரு வெர்னியர் பிரிவு 0.98 மி.மீ.; முதன்மைக்கோல் பிரிவைவிட 0.02 மி.மீ. குறைவு. இந்தக் குறைவுதான் அளவியின் மீச்சிற்றளவு.

இதை இப்படிப் பாருங்கள். வெர்னியரின் சுழிக்கோடு, முதன்மைக்கோலின் ஏதோ ஒரு கோட்டுக்கு நேராக நிற்கிறது. அப்போது வெர்னியரின் 1ஆம் கோடு தனக்கு அடுத்த முதன்மைக்கோட்டுக்கு 0.02 மி.மீ. பின்தங்கியிருக்கும். 2ஆம் கோடு 0.04 பின்தங்கியிருக்கும், 3ஆம் கோடு 0.06. இப்போது தாடையை 0.06 மி.மீ. மட்டும் திறந்தால், 3ஆம் கோடு அந்தப் பின்தங்கலை ஈடுசெய்து முதன்மைக்கோட்டோடு சரியாகப் பொருந்தும். எத்தனையாவது கோடு பொருந்துகிறதோ, அத்தனை 0.02 மி.மீ. தாடை நகர்ந்திருக்கிறது. 1631இல் பிரெஞ்சுக்காரரான பியர் வெர்னியர் வெளியிட்ட ஏற்பாடு இதுதான். கண்ணால் பிரித்தறிய முடியாத சிறு நகர்வை, 'எந்தக் கோடு பொருந்துகிறது' என்று கண் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியாக மாற்றிவிடுகிறது.

படத்தில் இருக்கும் அளவியின் மீச்சிற்றளவு தெரியவில்லை என்றால் வெர்னியர் பிரிவுகளை எண்ணுங்கள். 1 மி.மீ.யை அந்த எண்ணிக்கையால் வகுத்தால் போதும். 10 பிரிவு என்றால் 0.1, 20 என்றால் 0.05, 50 என்றால் 0.02 மி.மீ. பள்ளிகளில் பெரும்பாலும் 10 பிரிவு வகைதான் இருக்கும். பல அளவிகளில் இந்த எண் நகரும் பகுதியிலேயே அச்சிட்டிருக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிறைய அளவிகளில் மேல் விளிம்பில் அங்குலக் கோலும் அதற்கென ஒரு வெர்னியரும் இருக்கும். படத்தை நெருக்கமாக வெட்டி அனுப்பினால் எது எந்தக் கோல் என்று தெரியாமல் போகும். கீழ் விளிம்பில் மில்லிமீட்டர் கோல் இருப்பதே வழக்கம் என்றாலும், கோடுகளின் நெருக்கத்தையும் எண்களையும் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பொருளைப் பிடித்த படம்

இரண்டாவது படத்தை முதலில் படிப்போம், அதுதான் எளிது. முதன்மைக்கோலில் 1, 2, 3 என்று பெரிய எண்கள் தெரிகின்றன. அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே பத்துப் பிரிவுகள் இருப்பதால் இவை சென்டிமீட்டர் எண்கள். சில அளவிகளில் இதே இடங்களில் 10, 20, 30 என்று மில்லிமீட்டராகவே போட்டிருப்பார்கள். 1 என்பதை 1 மி.மீ. என்று எடுத்துவிட்டால் விடை பத்து மடங்கு பிழையாகிவிடும்.

இப்போது வெர்னியரின் சுழிக்கோட்டைத் தேடுங்கள். நகரும் பகுதியின் உலோக விளிம்பை அல்ல, அதில் '0' என்று எழுதிய கோட்டை. விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சற்று இடப்பக்கம் இருக்கும். அதை வைத்துப் படிப்பவர்கள் சில மில்லிமீட்டரைத் தவறவிடுகிறார்கள். நம் படத்தில் சுழிக்கோடு 1 என்ற எண்ணைத் தாண்டி, இரண்டு சிறு கோடுகளையும் தாண்டி நிற்கிறது. அதாவது 12க்கும் 13க்கும் நடுவே, பாதிக்குச் சற்றுக் குறைவான இடத்தில். எனவே முதன்மைக்கோல் அளவு 12 மி.மீ. சுழிக்கோட்டுக்கு உடனடியாக இடப்பக்கம் இருக்கும் கோட்டைத்தான் எப்போதும் எடுக்க வேண்டும்.

'பாதிக்குச் சற்றுக் குறைவு' என்று பார்த்தோமே, அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெர்னியர் சொல்லப்போகும் பின்னம் 0.4, 0.5க்குப் பக்கத்தில்தான் வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால் தவறாகப் படித்திருக்கிறோம் என்று பொருள்.

அடுத்தது பொருந்தும் கோடு. 50 பிரிவு வெர்னியரில் இதுதான் கடினமான பகுதி. பக்கத்துக் கோடுகள் 0.02 மி.மீ. மட்டுமே விலகியிருப்பதால், மூன்று நான்கு கோடுகள் ஒன்றுபோலப் பொருந்துவதாகத் தெரியும். நடுவில் ஏதோ ஒன்றைப் பிடித்து 'இதுதான்' என்று சொல்வது ஊகம்தான். படத்தில் இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. பொருந்தும் கோட்டைத் தேடாமல், பொருந்தாத கோடுகளைத் தேடுங்கள்.

வெர்னியர் பிரிவு சற்றுக் குறுகியது என்பதால், பொருந்தும் கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கும் வெர்னியர் கோடுகள் தம் முதன்மைக்கோடுகளுக்கு வலப்பக்கம் சற்று விலகியிருக்கும். வலப்பக்கம் இருப்பவை இடப்பக்கம் விலகியிருக்கும். இரண்டு பக்கத்துக் கோடுகளும் நடுவை நோக்கி ஒதுங்கியிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். படத்தைப் பெரிதாக்கி, இடப்பக்கத்திலிருந்து வாருங்கள். ஐயமில்லாமல் வலப்புறம் விலகித் தெரியும் கடைசிக் கோடு எது? நம் படத்தில் 20ஆம் கோடு. பிறகு வலப்பக்கத்திலிருந்து வாருங்கள். ஐயமில்லாமல் இடப்புறம் விலகித் தெரியும் கடைசிக் கோடு 26. இரண்டுக்கும் நடுவில் இருப்பது 23. அதுவே பொருந்தும் கோடு.

23ஐ ஒன்று இரண்டு என்று எண்ண வேண்டியதில்லை. 50 பிரிவு வெர்னியரில் ஐந்து கோடுகளுக்கு ஒருமுறை 0, 1, 2, … 10 என்று எண் போட்டிருக்கும். ஐந்து கோடு என்றால் 0.10 மி.மீ. ஆகவே அந்த எண்கள் மில்லிமீட்டரில் பத்திலொரு பாகத்தைக் குறிக்கின்றன. நம் கோடு, 4 என்ற எண்ணைத் தாண்டி மூன்றாவது. 0.40 உடன் 3 × 0.02 சேர்த்தால் 0.46 மி.மீ.

```
காட்டும் அளவு = 12 + 0.46 = 12.46 மி.மீ.
```

முன்பு கண்ணால் பார்த்த 'பாதிக்குச் சற்றுக் குறைவு' என்பதோடு 0.46 ஒத்துப்போகிறது. இன்னொரு சோதனையும் உண்டு. 0.02 அளவியில் கடைசி இலக்கம் எப்போதும் இரட்டைப்படைதான். 12.47 என்று ஒருவர் சொன்னால் எங்கோ எண்ணுவதில் தவறியிருக்கிறார், அல்லது இரண்டு கோடுகளுக்கு நடுவே ஊகித்திருக்கிறார்.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொருந்தும் கோட்டைக் கண்டதும், அதற்கு நேர் எதிரே இருக்கும் முதன்மைக்கோல் எண்ணைப் படித்துவிடுவார்கள். நம் படத்தில் அது 35 மி.மீ. அந்த எண்ணுக்கு இங்கே எந்த வேலையும் இல்லை. முதன்மைக்கோலைச் சுழிக்கோட்டின் இடத்தில் மட்டுமே படிக்க வேண்டும். பொருந்தும் இடத்தில் வெர்னியரின் எண்ணை மட்டும்.

மூடிய தாடைகளின் படம்

இப்போது முதல் படம். தாடைகள் முழுதாக மூடியிருக்கின்றன. அளவி பிழையற்றது என்றால் இரண்டு சுழிக்கோடுகளும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். நம் படத்தில் வெர்னியரின் சுழிக்கோடு, முதன்மைக்கோலின் சுழிக்கோட்டுக்கு மயிரிழை இடப்பக்கம் நிற்கிறது. பொருந்தும் கோட்டை மேலே சொன்ன முறையில் பார்த்தால் 47 வருகிறது. அதாவது 9 என்ற எண்ணைத் தாண்டி இரண்டாவது கோடு.

பாடநூல்களில் இதற்கு இரண்டு விதிகள் இருக்கும். வெர்னியர் சுழி வலப்பக்கம் இருந்தால் நேர்ச் சுழிப்பிழை, பொருந்தும் கோட்டை மீச்சிற்றளவால் பெருக்கு. இடப்பக்கம் இருந்தால் எதிர்ச் சுழிப்பிழை, மொத்தப் பிரிவுகளிலிருந்து பொருந்தும் கோட்டைக் கழித்துப் பிறகு பெருக்கு. மாணவர்கள் இதை மனப்பாடம் செய்கிறார்கள், எதிர்ப்பிழையில் ஏன் கழிக்கிறோம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தேர்வறையில் மறந்துபோவதும் அதனால்தான்.

இரண்டு விதிகளும் தேவையில்லை. பொருளைப் பிடித்த படத்தைப் படித்த அதே முறையில் மூடிய படத்தையும் படியுங்கள். வெர்னியர் சுழிக்கு உடனடியாக இடப்பக்கம் இருக்கும் முதன்மைக்கோடு எது? சுழிக்கும் இடப்பக்கம் இன்னொரு மில்லிமீட்டர் கோடு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் மதிப்பு −1. பெரும்பாலான அளவிகளில் அந்தக் கோடு பொறிக்கப்பட்டிருக்காது, ஆனாலும் கணக்கில் அது இருக்கிறது. அந்த −1 இலிருந்து வலப்பக்கமாக 0.94 மி.மீ. தள்ளி வெர்னியர் சுழி நிற்கிறது.

```
சுழி அளவு = −1 + 47 × 0.02
          = −1 + 0.94
          = −0.06 மி.மீ.
```

பாடநூல் விதியும் இதே விடையைத்தான் தரும்: −(50 − 47) × 0.02 = −0.06. 'மொத்தத்திலிருந்து கழி' என்பது இந்த −1ஐத்தான் வேறு விதமாகச் சொல்கிறது. பள்ளி அளவியில், 10 பிரிவு வெர்னியரின் 7ஆம் கோடு பொருந்தி, சுழி இடப்பக்கம் இருந்தால், −1 + 0.7 = −0.3 மி.மீ., அதாவது −0.03 செ.மீ. வலப்பக்கம் இருந்தால் இடப்பக்கக் கோடு முதன்மைக்கோலின் சுழியே. எனவே 0 + 0.7 = +0.7 மி.மீ. பொருந்தும் கோடு ஒன்றேதான். சுழிக்கோடு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

அதனால்தான் மூடிய படத்தில் முதலில் பார்க்க வேண்டியது பொருந்தும் கோட்டை அல்ல, சுழிக்கோடு நிற்கும் பக்கத்தை. 0.06 மி.மீ. விலகலை வெறும் கண்ணால் பக்கம் பிரித்துச் சொல்வது கடினம் என்றால், பொருந்தும் கோடே உதவும். 1, 2, 3 போன்ற தொடக்கக் கோடு பொருந்தினால் சிறிய நேர்ப்பிழை. 47, 48, 49 போன்ற கடைசிக் கோடு பொருந்தினால் சிறிய எதிர்ப்பிழை. 47ஆம் கோட்டை நேர்ப்பிழை என்று எடுத்தால் அளவி ஏறக்குறைய ஒரு முழு மில்லிமீட்டர் தவறாகக் காட்டுகிறது என்றாகும். அவ்வளவு பெரிய விலகல் என்றால் சுழிக்கோடு 1 மி.மீ. கோட்டருகே போய் நிற்பது படத்தில் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

திருத்துவது

உண்மை அளவு என்பது இரண்டு நிலைகளுக்கும் உள்ள வேறுபாடு. தாடை எங்கிருந்து புறப்பட்டது, எங்கே போய் நின்றது என்பதுதான் கேள்வி.

```
உண்மை அளவு = காட்டும் அளவு − சுழி அளவு
           = 12.46 − (−0.06)
           = 12.52 மி.மீ.
```

குறியீடு எப்படி இருந்தாலும் எப்போதும் கழித்தல்தான். சுழி அளவு +0.06 ஆக இருந்திருந்தால் 12.46 − 0.06 = 12.40.

குழப்பம் நுழையும் இடம் ஆய்வகப் பதிவேடு. அங்கே சுழிப்பிழை என்றும் சுழித்திருத்தம் என்றும் இரண்டு வரிகள் எழுதச் சொல்வார்கள். திருத்தம் என்பது பிழையின் குறியை மாற்றியது. பிழை −0.06 என்றால் திருத்தம் +0.06, அதைக் கூட்ட வேண்டும். பிழையைக் கழிப்பதும் திருத்தத்தைக் கூட்டுவதும் ஒன்றே. குறியை ஒருமுறை மாற்றித் திருத்தம் எழுதிவிட்டு, பிறகு அதையும் கழித்துவிட்டால் விடை 12.40 ஆகிவிடும். சரியான விடைக்கும் அதற்கும் 0.12 மி.மீ. வேறுபாடு, அதாவது பிழையைப்போல் இரண்டு மடங்கு. திருத்தாமலே விட்டிருந்தால்கூட 0.06தான் போயிருக்கும்.

இதைப் பிடிக்க ஒரு கேள்வி போதும். தாடைகளுக்கு நடுவே ஒன்றும் இல்லாதபோதே அளவி 0க்குக் கீழே காட்டுகிறது. ஆக அது எல்லாவற்றையும் குறைத்துக் காட்டும் அளவி. அப்படியென்றால் உண்மை அளவு காட்டும் அளவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 12.40 கூடுதலா? இல்லை. குறி எங்கோ புரண்டுவிட்டது.

திருத்தம் சரிதானா என்று சோதிக்க, அளவு தெரிந்த பொருளொன்றை அதே அளவியில் பிடித்துப் பார்க்கலாம். கேஜ் பிளாக் இருந்தால் சிறப்பு. இல்லையென்றால் ஒரு புதிய 608 பேரிங் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. வெளிவிட்டத்தில் அனுமதிக்கப்படும் விலகல், வெர்னியரால் பார்க்க முடியாத அளவுக்குச் சிறியது. நம் அளவியில் அது 21.94 காட்ட வேண்டும்.

இந்த 21.94 இன்னொரு பொறியையும் காட்டுகிறது. படத்தில் வெர்னியர் சுழி 22ஆம் கோட்டின் மேலேயே நிற்பதுபோல் இருக்கும். அதைப் பார்த்து முதன்மைக்கோல் அளவு 22 என்று எடுத்து, பொருந்தும் கோட்டின் 0.94ஐச் சேர்த்தால் 22.94 வந்துவிடும், ஒரு மில்லிமீட்டர் கூடுதல். சுழி உண்மையில் 22ஐ இன்னும் தொடவில்லை, 0.06 பாக்கி இருக்கிறது. எனவே இடப்பக்கக் கோடு 21. சுழிக்கோடு ஏதாவதொரு கோட்டோடு ஒட்டி நிற்கும்போதெல்லாம் முதலில் வெர்னியரைப் பாருங்கள். பின்னம் 0.9க்கு மேல் என்றால் கீழ்க்கோடு, 0.1க்குக் கீழ் என்றால் அந்தக் கோடே.

படம் செய்யும் பிழை

அளவியை நேரில் படிப்பவர் கண்ணை நகர்த்திச் சமாளித்துவிடும் ஒரு சிக்கல், படத்தை வைத்துப் படிப்பவருக்கு அப்படியே தங்கிவிடும். வெர்னியர்கோலும் முதன்மைக்கோலும் ஒரே தளத்தில் இல்லை. வெர்னியரின் விளிம்பு சீவிவிட்டதுபோல் சரிந்து முதன்மைக்கோலை நெருங்கினாலும், ஒரு சிறு படி எஞ்சும். கேமரா எந்தக் கோட்டுக்கு நேர் மேலே இருக்கிறதோ அந்தக் கோடு மட்டும்தான் உள்ளபடி தெரியும். மற்றக் கோடுகள், உயரத்தில் இருப்பதால், படத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளித் தெரியும்.

எவ்வளவு தள்ளும் என்று கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. படி 0.2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியை 10 செ.மீ. உயரத்தில், வெர்னியரின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே பிடித்திருக்கிறோம். 47ஆம் கோடு நடுவிலிருந்து சுமார் 22 மி.மீ. வலப்பக்கம். விலகல் 0.2 × 22 ÷ 100, அதாவது 0.044 மி.மீ. இரண்டு வெர்னியர் பிரிவுகளுக்கும் மேல்! அந்தப் பகுதிக் கோடுகள் வலப்பக்கம் தள்ளித் தெரிவதால், 47க்குப் பதில் 49 பொருந்துவதாகத் தோன்றும். சுழி அளவு −0.06 என்பது −0.02 ஆகிவிடும்.

பொருளைப் பிடித்த படத்தில் இந்தப் பிழை இருக்காது. அங்கே பொருந்திய 23ஆம் கோடு படத்தின் நடுவிலேயே இருந்தது. அதனால் இரண்டு படங்களையும் ஒரே மாதிரி எடுத்தோம், பிழை இரண்டிலும் சமமாக இருந்து கழிந்துவிடும் என்று நம்பக் கூடாது. பொருந்தும் கோடு இரண்டு படங்களிலும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் பிழையும் வேறு வேறு.

தீர்வு எளிது. கைப்பேசியைக் கிட்டே கொண்டுபோகாமல், 30 செ.மீ. தள்ளிப் பிடித்து ஜூம் செய்யுங்கள். அதே கணக்கில் விலகல் 0.015 மி.மீ.க்கு இறங்கி, ஒரு பிரிவுக்கும் கீழே போய்விடும். பொருந்தும் கோடு எது என்று நேரில் தோராயமாகப் பார்த்துக்கொண்டு, அந்தக் கோடு படத்தின் நடுவே வரும்படி எடுத்தால் இன்னும் நல்லது. ஆனால் வெர்னியர் சுழியும், அதற்கு இடப்பக்கம் இருக்கும் முதன்மைக்கோல் எண்ணும் படத்துக்குள் இருக்க வேண்டும். சுழியும் பொருந்தும் கோடும் ஒரே படத்தில் தெளிவாக விழவில்லை என்றால், சுழிக்கு ஒன்று, பொருந்தும் கோட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக எடுங்கள்.

ஒருவர் அனுப்பிய படம் சாய்வாக எடுக்கப்பட்டதா என்று கண்டுபிடிக்க, பொருந்தாத கோடுகளின் ஒழுங்கைப் பாருங்கள். பொருந்தும் கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் விலகல் ஒரே வேகத்தில் கூடிக்கொண்டே போக வேண்டும். ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் கூடினாலோ, ஏழெட்டுக் கோடுகள் தொடர்ந்து பொருந்துவதுபோல் தெரிந்தாலோ, படத்தை நம்ப வேண்டாம். மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். நகரும் பகுதியின் பக்கச்சுவர் படத்தில் தெரிவதும் கேமரா ஒரு பக்கமாக நின்றதற்கு அடையாளம்.

படம் எடுக்குமுன் பூட்டுத் திருகை இறுக்கிவிடுவது வழக்கம். இறுக்கும்போதே தாடை மயிரிழை நகரக்கூடும். முடிந்தால் பொருளைத் தாடையிலிருந்து எடுக்காமல், அப்படியே பிடித்த நிலையில் படம் எடுங்கள்.

சுழிப்பிழை எங்கிருந்து வருகிறது

திருத்துவதற்கு முன், அந்தப் பிழை நிலையானதுதானா என்று பார்க்க வேண்டும். நேர்ப்பிழைக்கு மிகச் சாதாரணமான காரணம் அழுக்கு. தாடைகளுக்கு நடுவே ஒரு சீவல் துணுக்கோ, காய்ந்த எண்ணெயோ, விளிம்பில் எழும்பிய பிசிறோ இருந்தால் தாடைகள் முழுதாக மூடாது. சுத்தமான வெள்ளைத் தாளைத் தாடைகளுக்கு நடுவே வைத்து, மெல்ல மூடி, தாளை இழுத்து எடுங்கள். அழுக்கு தாளோடு வந்துவிடும். பிறகு மூடிப் பார்த்தால் +0.06 மறைந்திருக்கலாம். அப்படி மறைந்தால், அழுக்கோடு எடுத்த பழைய படங்களைத் திருத்த முயலாதீர்கள். பொருளைப் பிடித்தபோது அந்தத் துணுக்கு அதே இடத்தில் இருந்ததா என்பது தெரியாது. இரண்டு படங்களையும் புதிதாக எடுப்பதே வழி.

எதிர்ப்பிழை வருவது பெரும்பாலும் தேய்மானத்தால். பல ஆண்டுகள் இரும்பைப் பிடித்துப் பிடித்துத் தாடை முகங்கள் தேய்ந்தால், மூடும்போது தாடை முன்பைவிடக் கூடுதலாக உள்ளே போகும். வெர்னியர் சுழி இடப்பக்கம் தாண்டிவிடும். நம் அளவியின் −0.06 இப்படிப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் தாடை எல்லா இடத்திலும் சமமாகத் தேய்வதில்லை. மூடிய தாடைகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இடைவெளியில் ஒளிக்கீற்று ஒரு முனையில் மட்டும் தெரிந்தால், தாடை ஆப்புபோல் தேய்ந்திருக்கிறது. அந்த அளவியில் பொருளை நுனியில் பிடித்தால் ஓர் அளவு, உள்ளே பிடித்தால் வேறு அளவு வரும். ஒரே எண்ணைக் கழித்து அதைச் சரிசெய்ய முடியாது. சுழித்திருத்தம் வேலை செய்வது, பிழை எல்லா அளவிலும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும்போது மட்டும்தான்.

இதே காரணத்தால், வெளித்தாடைகளின் சுழி அளவை உள்விட்டம் அளக்கும் மேல் தாடைகளுக்கோ, ஆழம் அளக்கும் கம்பிக்கோ அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளித்தாடை தேய்ந்ததால் வந்த பிழை மற்ற இரண்டிலும் வேறு விதமாகவே இருக்கும். குழாயின் உள்விட்டத்தை அளந்தால், அளவு தெரிந்த ஒரு வளையத்தில் மேல் தாடைகளைச் சோதித்து அதற்கெனத் தனியாகத் திருத்தம் காண வேண்டும். ஆழக்கம்பிக்கு, அளவியின் அடிமுனையைத் தட்டையான பரப்பில் நிறுத்தி, கம்பி பரப்பைத் தொடும் நிலையில் ஒரு படம் எடுத்தால் அதன் சுழி அளவு கிடைத்துவிடும்.

அளவியை அழுத்தும் விசையும் கணக்கில் வரும். நகரும் தாடைக்கும் கோலுக்கும் நடுவே சிறிது தளர்வு இருக்கும். பெருவிரலால் பலமாகத் தள்ளினால் தாடை சற்றுச் சாயும், அளவு குறையும். நுனியில் பிடித்தால் இது இன்னும் கூடும். எனவே மூடிய படத்துக்கும் பொருளைப் பிடித்த படத்துக்கும் ஒரே அளவு மென்மையான அழுத்தம் கொடுங்கள். பொருளை நுனியில் பிடிக்காமல் கோலை ஒட்டிய பகுதியில் பிடியுங்கள். நம் தண்டு பித்தளை என்பதால் அழுத்தம் கூடினால் மேற்பரப்பில் தடமும் விழும்.

இவ்வளவும் பார்த்த பிறகு நம் தண்டின் விட்டத்தை 12.52 மி.மீ. என்று எழுதலாம். அதில் 0.04 மி.மீ. வரை கூடவோ குறையவோ இருக்க இடமுண்டு, ஏனென்றால் இரண்டு படங்களிலும் பொருந்தும் கோட்டைத் தேர்ந்ததில் ஒரு கோடு முன்பின் ஆகியிருக்கலாம். தண்டைத் திருப்பி, வேறு திசைகளில் இன்னும் இரண்டு மூன்று முறை பிடித்துப் படம் எடுத்தால் தண்டு முழு வட்டமா என்பதும் தெரியும். ஒவ்வொன்றிலும் கழிக்க வேண்டியது அதே −0.06தான், நடுவில் யாரும் அளவியைக் கீழே போடாதவரை.